ஊக்குக்கு அடியில் ஒரு விரல்

எங்கள் லயத்தில் யாருக்குச் சேலை கட்டிவிட வேண்டும் என்றாலும் பெர்சியைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணப் பெண்ணுக்கும் அவள்தான், சவப்பெட்டிக்குள் போகிறவளுக்கும் அவள்தான். அப்பேர்ப்பட்டவளுக்கு வயிற்றில் புற்று வந்து, கோட்டயத்து டாக்டர்கள் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டபோது அவளுக்கு இருந்த பெரிய கவலை, தனக்கு யார் கட்டிவிடப் போகிறார்கள் என்பதுதான். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

நான் செல்வலட்சுமி, அவளுக்கு அடுத்த வீடு. ஏலப்பாறைக்கு மேலே பூட்டிக் கிடக்கும் ஒரு தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லய வீடுகள் எங்களுடையவை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை எட்டாது. அவள் வீட்டில் மிளகாய் வறுத்தால் நான் இருமுவேன். அவள் வலியில் முனகுவதும், அதை வெளியே காட்டாமல் இருக்கப் போர்வையைக் கடித்துக்கொள்வதும் எனக்குக் கேட்கும். அதனால் இந்தக் கதையில் நான் ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். கேட்காமல் இருக்கத்தான் வழியில்லை.

பெர்சி இதே லயத்தில் பிறந்தவள். கொழுந்து கிள்ளப் போன தாய்க்குப் பிள்ளையாகப் பிறந்து, தேயிலை பேக்டரியில் தூள் சலிக்கப் போய், சூசையப்பனைக் கட்டி, பேக்டரி பூட்டியதும் ஏலக்காட்டுக்குக் கூலியாகப் போனவள். சேலை கட்டிவிடுவதை அவள் யாரிடமும் படிக்கவில்லை. ஒரு கல்யாணத்துக்குக் கட்டப்பனையிலிருந்து பியூட்டிஷன் வர வேண்டிய ஜீப்பு மண் சரிந்து வழியில் நின்றுவிட்டது. பெண் உள்பாவாடையோடு அழுதுகொண்டிருந்தாள். பெர்சி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்குப் பிறகு எங்கள் பக்கம் யாரும் பியூட்டிஷனைக் கூப்பிட்டதில்லை.

அவளுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கல்யாணப் பெண்ணிடம், வயிற்றை எக்காதே, சாப்பிட உட்காரும்போது எல்லாம் அவிழ்ந்து வரும் என்பாள். மாமியார்க்காரி ஜரிகை தெரியட்டும் என்று முந்தியை இழுத்தால் கையிலேயே ஒன்று போடுவாள். செத்தவர்களிடத்திலும் அதே கைதான். அழுகிற கூட்டத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லாமல் வேலையை முடிப்பாள். வெளியே வந்து டீ கேட்பாள். ஈவு இரக்கம் இல்லாதவள் என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் வீட்டில் சாவு விழுந்தபோதும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பொம்பளை செத்தால் கல்யாணப் பட்டைத்தான் உடுத்தி அடக்கம் பண்ணுவார்கள். அதை உடுத்திவிடுகிற உரிமை புருஷனின் உடன்பிறந்தவளுக்கு. வயதுக்கு வந்த மகள் இருந்து, அவளுக்குச் சேலை கட்டத் தெரிந்திருந்தால், அவளுடைய கைதான் முதல் கை. மகளுக்குத் தெரியாது என்றால் நாத்தனார் வந்துவிடுவாள்.

பெர்சிக்கு நாத்தனார் மதலேனம்மாள். நல்ல மனுஷிதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவளுக்கு எல்லாவற்றிலும் அவசரம். பெர்சி கோட்டயத்தில் கிடந்த நாட்களில் மேல் லயத்தில் ஒருத்தி போய்விட்டாள். மதலேனம்மாள்தான் கட்டிவிட்டாள். பெட்டியைச் சரிவில் தூக்கிக்கொண்டு இறங்கும்போது சேலை மேலே ஏறி, கரண்டைக்காலும் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணியும் ஊருக்கே தெரிந்தன. யாரோ போனில் எடுத்த படத்தைப் பெர்சிக்குக் காட்டித் தொலைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அவள் அன்றைக்குக் கஞ்சி குடிக்கவில்லை.

"எனக்கு டின்டுதாங்க்கா கட்டணும்" என்று என்னிடம் சொன்னாள். "என்னய கரண்டக்கால் தெரிய அனுப்பிராதிய."

டின்டு அவள் மகள். பிளஸ் டூ படிக்கிறாள். ஒரே பிள்ளை. அதுவரை சேலை என்று ஒன்றைத் தோளில் போட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் கட்டிவிட்டவளின் மகளுக்குச் சுடிதார்தான் கதி. ஆவணி மழை பிடித்திருந்த நேரம் அது. பள்ளிக்கூடத்தில் ஓணம் கொண்டாட்டம் வருகிறது, பெண் பிள்ளைகள் எல்லாம் ஜரிகைக் கரை போட்ட வெள்ளைச் செட்டு சாரி உடுத்துவார்கள், நீயும் படித்துக்கொள் என்று பெர்சி பேச்சை ஆரம்பித்தாள். எதற்காகப் படிக்கச் சொல்கிறாள் என்று மகளுக்குத் தெரியும். மகளுக்குத் தெரியும் என்று தாய்க்கும் தெரியும். இருந்தும் இரண்டு பேரும் ஓணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெர்சியால் எழுந்து உட்கார முடியாது. தாழ்வான பலகைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடிதான் பாடம். கட்டிலின் உயரத்துக்கு அவள் கண் தரைக்குப் பக்கத்தில் இருந்தது. சேலையின் கரை எங்கே ஏறியிருக்கிறது, எங்கே இறங்கியிருக்கிறது என்பது நின்றுகொண்டிருந்த எனக்குத் தெரியாது. அவளுக்குத் தப்பாது.

முதலில் செருப்பைப் போடு என்பாள். சேலை கட்டி முடித்துவிட்டுச் செருப்புப் போட்டால் அத்தனை உயரம் கரை மேலே போய்விடும். அப்புறம் உள்பாவாடை. நாடாவை இறுக்கிக் கட்டு, மூச்சு விட முடிந்தால் போதும், மொத்தச் சேலையையும் அந்த நாடாதான் சுமக்கிறது. சேலையின் உள் தலைப்பைத் தொப்புளுக்கு வலப்பக்கம் செருகி, இடப்பக்கமாகக் கொண்டுபோய், முதுகைச் சுற்றி, வலப்பக்கமாக முன்னால் கொண்டு வா. இப்போதே குனியாமல் கீழே பார். கரை தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். இந்த முதல் சுற்றில் தப்பு விட்டால் பிறகு எந்த ஊக்காலும் அதைச் சரிசெய்ய முடியாது.

எல்லோரும் கொசுவத்தை வைத்துவிட்டு மிச்சத்தை முந்தியாகப் போடுவார்கள். பெர்சியின் முறை வேறு. முந்தியை முதலில் போடச் சொல்வாள். மடிப்பு எடுத்து இடது தோளில் போட்டு, பின்னால் முழங்காலின் குழி வரை இறங்குகிறதா என்று பார்த்து, தோளில் ஊக்குப் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு முன்னால் தொங்குகிற துணி எவ்வளவோ, அவ்வளவும் கொசுவம்.

"எத்தன மடிப்பும்மா?" என்று டின்டு கேட்டாள்.

"அத நீ எண்ணாத. இடுப்பு எத்தன குடுக்கோ அத்தன. சதை உள்ளவளுக்குக் கொறயும், இல்லாதவளுக்குக் கூடும்."

ஊக்கைப் பற்றி அவளுக்குத் தனிச் சட்டமே இருந்தது. பட்டுக்கு ஊக்குப் போட்டால், ஊக்கின் வளைவில் நூல் சிக்கிக் கிழியாமல் இருக்க ஒரு பாசிமணியை முதலில் கோத்துக்கொள்ள வேண்டும். தோள் ஊக்கு ஜாக்கெட்டின் தையலுக்குச் சற்றுப் பின்னால், உள்பக்கத்திலிருந்து. வெளியே நுனி தெரியக் கூடாது. கொசுவத்தின் ஊக்கு, மடிப்புகளை அடுக்கி இடப்பக்கம் பார்க்கத் திருப்பிச் செருகியபின், செருகிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே, பாவாடையையும் சேர்த்து. குத்துவதற்கு முன் இடது கை விரலைத் துணிக்கும் உடம்புக்கும் நடுவில் விட வேண்டும். முள் விரலில் பட்டாலும் படலாம், கட்டிக்கொள்கிறவளின் வயிற்றில் படக் கூடாது.

"பெட்டிக்குள்ள போறவளுக்கு வெரல் வேண்டாம்" என்று பெர்சி சொல்லிச் சிரித்தாள். "நேராக் குத்தலாம். அவளுக்கா வலிக்கப் போவுது. நானும் அப்படித்தான் குத்துவேன்." சிரித்ததில் வலி வந்துவிட்டது. டின்டு கையிலிருந்த சேலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பெர்சி வேலைக்குக் கட்டிக்கொண்டு போன பழைய நைலக்ஸ் சேலையில்தான் பழக்கம். பிள்ளைக்கு அது வரவே இல்லை. முந்தி வரை வந்துவிடுவாள். கொசுவம் வலப்பக்கம் பார்க்கும். செருகியதெல்லாம் இரண்டு அடி நடந்ததும் சரசரவென்று இறங்கி விழும். பெர்சி பொறுமையாக மறுபடியும் முதலிலிருந்து சொல்வாள். மருந்து மயக்கத்தில் பாதியில் தூங்கிப்போவாள். விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். எனக்குத்தான் எரிச்சலாக வந்தது. அல்ஜீப்ரா போடுகிற பிள்ளைக்கு ஆறு கஜத் துணியை மடிக்கத் தெரியாதா?

பள்ளிக்கூடத்து ஓணக் கொண்டாட்டத்தன்று டின்டு சுடிதாரில் போனாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் அப்படி. பெர்சி இரவல் வாங்கி வைத்திருந்த செட்டு சாரி கட்டில் முனையில் மடித்தபடியே கிடந்தது.

அன்று சாயங்காலம் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டு அடுப்படியில் உட்காரவைத்து, டீயைக் கையில் கொடுத்துவிட்டு, நைலக்ஸ் சேலை ஏன் விழுகிறது என்று கேட்டேன். நான் இத்தனை நாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நிஜமாகவே தெரியாதவள் எப்போதும் ஒரே இடத்தில் தப்பு விட மாட்டாள். இவள் ஒவ்வொரு தடவையும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் செருகும்போது மட்டும் விரலைத் தளர்த்துவாள். கொசுவம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவளால்தான் அத்தனை கச்சிதமாக அதை மறுபக்கம் திருப்ப முடியும். தெரிந்தே கெடுக்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். "நான் படிச்சிட்டேன்னு தெரிஞ்சா அம்மா போயிரும் பெரியம்மா" என்றாள். "எனக்குத் தெரியலேன்னாத்தான் அது இருக்கும்."

அந்தப் பிள்ளையின் தலையைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டேன். அவள் சொன்னதில் கிறுக்குத்தனம் இருந்தது. எனக்கும் அதை நம்பத் தோன்றியது. நாங்கள் இரண்டு பேரும் மறந்துபோனது கூரை வரை எட்டாத அந்தச் சுவரைத்தான்.

மறுநாள், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற பாலியேட்டிவ் சிஸ்டர் வந்து புண்ணைக் கழுவி, ஊசி போட்டுவிட்டுப் போனபின் பெர்சி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டாள். ஓணப் பேச்சை விட்டுவிட்டாள்.

"நீ படிக்கலேன்னாலும் நான் போவேன்டி" என்று மகளிடம் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. "ஆனா அப்ப ஒங்க அத்த வந்து கட்டுவா. நான் எத்தன பேருக்கு மூடி அனுப்பியிருக்கேன். எனக்குக் கால மூட ஒரு ஆள் இல்லன்னு ஆயிரக் கூடாது. அது ஒண்ணுதான் ஒன்ட்ட கேக்கேன். வேற எதுவும் கேக்கல."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. டின்டு எழுந்து போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

பெர்சி என்னிடம் டிரங்குப் பெட்டியைக் காட்டினாள். அடியில் வெள்ளை வேட்டியில் சுற்றி அவளுடைய கல்யாணப் பட்டு இருந்தது. அரக்குச் சிவப்பு, சின்ன ஜரிகைக் கரை. நைலக்ஸில் பழகிய கை பட்டில் தடுமாறும், ஒரு தடவையாவது இதில் கட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். டின்டு வாங்கிக்கொண்டாள். தோளுக்கு முந்தியை எடுத்தாள், மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒழுங்காக உட்கார்ந்தன. பாசிமணி கோத்த ஊக்கைத் தோளுக்குப் பின்னால் போட்டாள். கொசுவத்தை இடப்பக்கம் பார்க்கச் செருகினாள். உள்ளே விரலை விட்டு, குத்தினாள். ஒரே தடவைதான். எதுவும் விழவில்லை.

பெர்சி கட்டிலில் கிடந்தபடி அவளை நடக்கச் சொன்னாள். திரும்பச் சொன்னாள். குனிந்து குடத்தை எடுக்கச் சொன்னாள். முந்தி முழங்கால் குழியில் சரியாக நின்றது. பெர்சியின் கண் சேலையின் கரையிலேயே இருந்தது. "பின்னால ஒரு வெரக்கடை ஏறியிருக்கு" என்றாள். டின்டு இடுப்பின் பின்பக்கம் விரலை விட்டு, துணியை இழுத்துச் சரிசெய்தாள். "இப்பம் சரி" என்று பெர்சி கண்ணை மூடினாள். பிள்ளையின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்த்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

அதன்பிறகு பத்துப் பன்னிரண்டு நாள்தான். கடைசி நாட்களில் பேச்சு இல்லை. ஒரு காலையில், பால்காரன் வந்து போன சிறிது நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் நின்றது. டின்டு கத்தவில்லை. சுவரை இரண்டு தட்டுத் தட்டினாள். நான் ஓடினேன்.

மதலேனம்மாள் முற்பகலுக்குள் வந்துவிட்டாள். மாரில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்து, புடவையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். டின்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பட்டுச் சேலையை எடுத்தாள், ஆனால் கொடுக்காமல் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நான் கட்டுதேன் அத்த. எனக்குத் தெரியும்."

மதலேனம்மாள் என்னைப் பார்த்தாள். தெரியும் என்று நான் தலையாட்டினேன். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். நல்ல மனுஷி என்று முன்னமே சொன்னேன். புருஷன் சூசையப்பனையும் மற்றவர்களையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினோம். உள்ளே நாங்கள் மூன்று பேர்.

குளிப்பாட்டித் துடைத்தோம். கல்யாண ஜாக்கெட்டை முதுகில் வெட்டித் திறந்து கைகளை நுழைத்தோம். அப்படித்தான் செய்வார்கள். வெட்டாவிட்டாலும் அது எளிதாகப் போயிருக்கும், அவ்வளவு தொளதொளத்தது. பாவாடை நாடாவை டின்டு இறுக்கினாள். இறுக்க இறுக்க நாடா வந்துகொண்டே இருந்தது. நாங்கள் ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடிக்க, பட்டை முதுகுக்கு அடியில் விட்டு, மறுபக்கம் திருப்பி இழுத்தாள். கரையைக் கால் விரல்கள் வரை கொண்டுவந்தாள். முந்தியை எடுத்து மடித்து இடது தோளுக்கு மேல் கொண்டுபோய் முதுகுக்கு அடியில் தாய் சொன்ன அளவுக்கு விட்டு, தோளில் பாசிமணி ஊக்கைப் போட்டாள்.

பிறகு கொசுவம். எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அவள் தன் இடுப்பில் கட்டிப் பார்த்தபோது ஆறோ ஏழோ மடிப்பு வந்தது. இப்போது அத்தனை மடித்த பிறகும் கையில் துணி தொங்கிக்கொண்டிருந்தது. மேலும் மடித்தாள். இன்னும் மிச்சம் இருந்தது. அவள் கை நின்றது.

சதை உள்ளவளுக்குக் குறையும், இல்லாதவளுக்குக் கூடும். பெர்சி சொன்னது எனக்கும் அந்த நேரம்தான் ஞாபகம் வந்தது. தினமும் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி புகட்டியவள்தான் அந்தப் பிள்ளை. தாய் எவ்வளவு கரைந்துபோனாள் என்று அவளுக்குத் தெரியாததா? ஆனால் கையில் கிடந்த அந்த மிச்சத் துணியைப் பார்த்துத்தான் அவள் வாயைத் திறந்தாள். அழுகை அவள் அடிவயிற்றிலிருந்து வந்தது. நான் அப்படி ஒரு சத்தத்தை எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை.

மதலேனம்மாள் கத்தரிக்கோலை எடுத்தாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மிச்சத்தை வெட்டி எடுத்துவிட்டால் கட்டுவது எளிது, வெட்டினதை வேளாங்கண்ணி மாதாவுக்குச் சார்த்திவிடலாம், புண்ணியம் என்றாள்.

"வெட்ட வேண்டாம்" என்றாள் டின்டு. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "அவ்வளவும் அம்மாவுக்குத்தான்."

மறுபடியும் முதலிலிருந்து மடித்தாள். அத்தனை துணியும் மடிப்பாகப் போனது. அடுக்கி, தட்டி, இடப்பக்கம் பார்க்கத் திருப்பி, ஒட்டிப்போன வயிற்றின் மேல் செருகினாள். அது தடியாக நின்றது. சரிவில் பெட்டியைத் தூக்கும்போது இப்படியே நிற்காது, குலுங்கிப் பிரிந்து கரை ஏறிவிடும் என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரிந்தது. நான் இருப்பதிலேயே பெரிய ஊக்கை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் திறந்து, இடது கை விரலைத் துணிக்கு அடியில் விட்டாள்.

மதலேனம்மாளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. "வெரல எடு மக்கா, கைல ஏறிரும். அவளுக்கு இனிமே வலிக்காது" என்றாள்.

டின்டு விரலை எடுக்கவில்லை. அத்தனை மடிப்பையும் தாண்டி முள் இறங்க அழுத்திக் குத்த வேண்டியிருந்தது. ஒரு நொடி அவள் உதட்டைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தேன். ஊக்கைப் பூட்டிவிட்டு விரலை வெளியே எடுத்தபோது நுனியில் ரத்தம் பொட்டாக நின்றது. அரக்குச் சிவப்பில் அது பட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படியும் அதைத் தன் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அவள் தரையில் மண்டியிட்டு, கன்னம் கட்டிலில் படும்படி தலையைச் சாய்த்து, தாய் பார்த்த உயரத்திலிருந்து கரையைப் பார்த்தாள். ஒரு ஓரத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டாள். மறுபடியும் பார்த்தாள்.

"இப்பம் சரி" என்றாள். கதவைத் திறக்கச் சொன்னாள்.

பெட்டி வழுக்குப் பாதையில் இரண்டு இடத்தில் சாய்ந்தது. சேலை அசையவில்லை.